ரயில் கடந்த பிறகு விலகும் குரல்: ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கில் பிரேம் வீதச் சிக்கல்

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் வீடு. மாடி அறையில் உட்கார்ந்து, டேப்லெட்டில் பேனாவால் எழுதியபடியே பாடம் சொல்வார். டேப்லெட்டோடு வரும் ஸ்க்ரீன் ரெக்கார்டர் திரையையும் குரலையும் சேர்த்துப் பதியும். தப்பாகச் சொன்ன இடங்களை வெட்டி, தலைப்பு சேர்த்து, மாணவர்களுக்கு அனுப்பத் தோதாகச் செய்து கொடுப்பது என் வேலை.

வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரையும் பாடம் அது. ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து P என்ற புள்ளி 8 செ.மீ. தொலைவில். மொத்தம் 36 நிமிடம். நான் தொகுத்த பிறகு முதல் ஒரு நிமிடத்தைப் பார்த்தேன், கடைசி ஒரு நிமிடத்தைப் பார்த்தேன். குரலும் எழுத்தும் ஒட்டியே இருந்தன. அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் டீச்சர் கூப்பிட்டார்.

"தம்பி, மையக்குத்துக்கோடு போடுங்கன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், திரையில தொடுகோடே வரைஞ்சு முடிஞ்சிடுது. பிள்ளைங்க குழம்பிடுச்சுங்க."

பதினான்காவது நிமிடத்தில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். படம் குரலைவிட ஏறத்தாழ 40 நொடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதே கோப்பை டேப்லெட்டிலேயே போட்டால் எந்தக் குறையும் இல்லை. கம்ப்யூட்டரில் விஎல்சியில் போட்டாலும் இல்லை. எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப்போட்டால் மட்டும் நடுப்பகுதி விலகியது. ஆரம்பமும் முடிவும் ஒட்டியிருக்க, நடு மட்டும் எப்படி விலகும்? இதற்கு விடை தேடிய இரண்டு வாரத்தில், நானே பல விதமாகப் பதிந்தும் மாற்றியும் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடயத்தைக் கொடுத்தது ரயில். டீச்சர் வீட்டிலிருந்து தண்டவாளம் தூரமில்லை. நிற்காமல் போகும் விரைவு வண்டி ஹாரன் அடித்தபடி ஊரப்பாக்கத்தைக் கடக்கும்போது அவர் பேச்சை நிறுத்திவிடுவார், பேனாவையும் எடுத்துவிடுவார். இருபது, முப்பது நொடி கழித்து, "சரி, இப்ப பார்க்கலாம்" என்று தொடர்வார். டைம்லைனில் தேடினால், ஒவ்வொரு ஹாரனுக்குப் பின்னும் விலகல் ஒரு படி மாறியிருந்தது. அந்த இருபது நொடியும் திரை அசையவே இல்லை. குற்றவாளி அந்த அசையாத திரைதான்.

கேமரா படம் எடுப்பதும் ஸ்க்ரீன் ரெக்கார்டர் படம் எடுப்பதும் ஒன்றல்ல. கேமரா சீரான தாளத்தில் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. முன்னால் எதுவும் அசையாவிட்டாலும் நொடிக்கு 30 என்றால் 30 படம் எடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் திரை அப்படி வேலை செய்வதில்லை. திரையில் ஏதாவது மாறினால்தான் புதிய பிரேம் வரையப்படும். ரெக்கார்டருக்கு அந்தப் பிரேம்கள்தான் போய்ச் சேரும். ஒன்றும் மாறாவிட்டால் புதிதாக அனுப்பவும் ஒன்றும் இல்லை. சில ரெக்கார்டர்கள் பழைய பிரேமையே அவ்வப்போது மீண்டும் போட்டு வைக்கும், சில அதையும் செய்யாது. செட்டிங்ஸில் 30 என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் அது பெரும்பாலும் உச்சவரம்பு மட்டுமே. நொடிக்கு 30 பிரேம் கட்டாயம் வரும் என்ற உறுதி அதில் இல்லை.

இதில் தவறு ஒன்றும் இல்லை. பேட்டரி மிச்சம், இடமும் மிச்சம். எம்பி4 கோப்பு வடிவமே இதற்கு இடம் கொடுக்கிறது. கோப்புக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது, `stts` என்று பெயர். ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு பதிவுகளில் வழக்கமாக ஒரு நொடியை 90,000 துண்டாகப் பிரித்துக் கணக்கு வைப்பார்கள். சரியாக நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 3000 துண்டு. டீச்சரின் கோப்பில் 2900, 3010, 3000 என்று வந்துகொண்டே இருந்து, திடீரென்று 9000, 9300 என்று வரிசையாக வரும். அதுதான் ரயில் போகும் நேரம்.

விஎல்சி போன்ற பிளேயர் இந்த அட்டவணையை மதித்து, ஒவ்வொரு பிரேமையும் அதற்குரிய நேரத்தில் காட்டுகிறது. அதனால்தான் அங்கே குறை தெரிவதில்லை. எடிட்டிங் மென்பொருளின் வம்சாவளி வேறு. அது ஃபிலிம் சுருளிலிருந்து வந்தது. நொடிக்கு 24 பிரேம் என்றால் 240-ஆவது பிரேம் பத்தாவது நொடி, அவ்வளவுதான். நேரத்தைத் தனியாக எழுதிவைக்கத் தேவையே இல்லை. பிரேமின் எண்ணே நேரம். டைம்லைனில் நாம் பார்க்கும் நிமிடம், நொடி, பிரேம் என்ற கணக்கு இன்றைக்கும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

கடிகாரம் இல்லாத ஒருவர் ஊரப்பாக்கம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, போகிற மின்ரயில்களை எண்ணி மணி சொல்வதாக வைத்துக்கொள்வோம். காலையில் அடுத்தடுத்து வண்டி வரும்போது அவர் கணக்கு ஓரளவு சரியாக இருக்கும். மதியம் வண்டி குறைந்ததும் அவர் மணி பின்தங்கிவிடும். வண்டிகளில் பிழை இல்லை. ஒவ்வொரு வண்டியும் அட்டவணைப்படிதான் வந்தது. அட்டவணையைப் பார்க்காமல் வண்டியை எண்ணியதுதான் பிழை.

ஒரு நிமிடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் டீச்சர் பாடத்தின் புதிரும் அவிழும். முதல் 20 நொடி எழுதுகிறார், நொடிக்கு 30 வீதம் 600 பிரேம். அடுத்த 20 நொடி ரயில் போகிறது, திரை அசையவில்லை, நொடிக்கு 10 வீதம் 200 பிரேம். கடைசி 20 நொடி மீண்டும் எழுதுகிறார், 600 பிரேம். மொத்தம் 60 நொடிக்கு 1400 பிரேம்.

இதை நொடிக்கு 30 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள், பிரேம்களை இடைவெளி இல்லாமல் அடுக்கும். 1400-ஐ 30-ஆல் வகுத்தால் 46.7 நொடி. படம் 46.7 நொடியிலேயே முடிந்துவிடும், குரல் மட்டும் 60 நொடி வரை ஓடும். இது கண்ணுக்கு உடனே தெரிகிற கோளாறு. டைம்லைனில் படப்பட்டை குட்டையாகவும் ஒலிப்பட்டை நீளமாகவும் இருக்கும். பார்த்தவுடன் உஷாராகிவிடலாம்.

சராசரியை எடுத்துக்கொள்ளும் மென்பொருள்தான் ஏமாற்றுகிறது. 1400-ஐ 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 23.33. அந்த வீதத்தில் அடுக்கினால் படமும் குரலும் சரியாக 60 நொடியில் ஒன்றாக முடியும். பட்டைகளின் நீளம் சமம். ஆனால் 600-ஆவது பிரேம், அதாவது 20-ஆவது நொடியில் வரவேண்டியது, 25.7-ஆவது நொடியில்தான் வரும். அங்கே படம் கிட்டத்தட்ட ஆறு நொடி பின்தங்கியிருக்கிறது. 800-ஆவது பிரேம் 40-ஆவது நொடியில் வரவேண்டும், 34.3-லேயே வந்துவிடுகிறது. அங்கே படம் ஆறு நொடி முந்துகிறது. சரியாக நடுவில், 30-ஆவது நொடியில், இரண்டும் ஒரு கணம் ஒட்டிக்கொள்கின்றன. கடைசியில் மீண்டும் ஒட்டுகின்றன. ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பார்த்து அனுப்பிய என்னை ஏமாற்றியது இதுதான். டீச்சர் முதல் கால் மணி நேரம் அதிகமாகப் பேசினார், குறைவாக வரைந்தார். அதனால் அங்கே பிரேம் குறைந்து, படம் முந்திக்கொண்டது. பிறகு விடாமல் வரைந்தபோது கூடுதலாக வந்த பிரேம்கள் அந்த இடைவெளியை அடைத்துவிட்டன.

ஒலியைக் கொஞ்சம் இழுத்தோ சுருக்கியோ சரிசெய்யப் பார்க்கிறவர்கள் தோற்பதும் இதனால்தான். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பதினான்காவது நிமிடத்தை ஒட்டவைத்தால் இருபதாவது நிமிடம் விலகும். இருபதைச் சரிசெய்தால் முப்பது விலகும். விலகல் நேர்கோட்டில் வளர்வதில்லை, திரை அசைந்ததையும் அசையாததையும் பொறுத்து ஏறி இறங்குகிறது. வேறொரு வகை விலகலும் உண்டு. ப்ளூடூத் மைக் வைத்துப் பதிந்தால், குரல் முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரே அளவு பிந்தி வரும். அதற்கு ஒலிப்பட்டையை ஒருமுறை நகர்த்தினால் போதும். எனவே எதைத் தொடுவதற்கு முன்னும் மூன்று நான்கு இடங்களில் விலகலை அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் மைக். இடத்துக்கு இடம் மாறினால் பிரேம் வீதம்.

ஊகிக்கத் தேவையில்லாமல் கோப்பையே கேட்டுவிடலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் போதும். டீச்சரின் பாடத்துக்கு அது காட்டியது இது:

```
Frame rate mode      : Variable
Frame rate           : 23.000 FPS
Minimum frame rate   : 9.677 FPS
Maximum frame rate   : 31.034 FPS
```

முதல் வரியில் `Variable` என்றிருந்தால் மாறும் வீதம், `Constant` என்றிருந்தால் மாறா வீதம். அந்த ஒரு சொல்லோடு நிற்காமல் கடைசி இரண்டு வரிகளில் உள்ள எண்களையும் பாருங்கள். 29.9-க்கும் 30.1-க்கும் இடையே ஆடுகிற கோப்பும் `Variable` என்றுதான் வரும், அது பெரும்பாலும் தொல்லை தராது. 9.7-லிருந்து 31 வரை ஆடுகிற கோப்பு கட்டாயம் தொல்லை தரும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக் எல்லாப் பிரேம்களையும் படித்துச் சொல்லும்:

```
ffmpeg -i paadam.mp4 -vf vfrdet -an -f null -
```

ஓடி முடித்ததும் கடைசியில் `VFR:` என்று ஒரு வரி வரும். அதற்குப் பின்னால் 0.000000 என்றிருந்தால் கோப்பு சீரானது. எண் ஏற ஏற, இடைவெளி மாறிய பிரேம்களின் பங்கு அதிகம் என்று பொருள்.

அடுத்து, எந்த வழியில் பதிந்தால் கோப்பு எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதல் சோதனையிலேயே சறுக்கினேன். திரையில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுப் பதிந்தேன். குரலில் நொடி சொல்லிக்கொண்டே வந்தால் எளிதாக ஒப்பிடலாம் என்பது எண்ணம். பத்து நிமிடம் பதிந்து எடிட்டிங்கில் போட்டால் ஒரு விலகலும் இல்லை! அரை நாள் குழம்பிய பிறகுதான் புரிந்தது: ஸ்டாப்வாட்ச்சின் எண்கள் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருப்பதால் திரை ஓயாமல் வரையப்படுகிறது. பிரேம்கள் சீராக வந்துகொண்டே இருக்கின்றன. நோய் வரும் சூழலையே நான் இல்லாமல் செய்துவிட்டேன். ஸ்க்ரீன் ரெக்கார்டரைச் சோதிக்க நினைப்பவர்கள் ஸ்டாப்வாட்ச் வைக்காதீர்கள்.

சரியான சோதனை இதைவிட எளிது. நோட்ஸ் ஆப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தேன். சில இடத்தில் விடாமல் கிறுக்கினேன், சில இடத்தில் அரை நிமிடம் சும்மா இருந்தேன். இடையிடையே பேனா முனையால் கண்ணாடியில் ஓங்கி ஒரு புள்ளி வைத்தேன். 'டக்' என்ற சத்தம் ஒலி அலையில் ஊசிபோல் எழும், அதே கணம் திரையில் புள்ளி தோன்ற வேண்டும். டைம்லைனில் இரண்டையும் ஒப்பிட்டால் விலகலைப் பிரேம் கணக்கில் சொல்லிவிடலாம்.

டேப்லெட்டோடு வரும் ரெக்கார்டர் தந்தது மாறும் வீதம். ஆப் கடையில் இறக்கிய இரண்டு ரெக்கார்டர் ஆப்களில், 30 என்று தேர்ந்தெடுத்த பிறகும் மாறும் வீதமே. ஐபோனில் பதிந்ததும் அப்படியே. டேப்லெட்டை யூஎஸ்பி கம்பியால் லேப்டாப்போடு இணைத்து `scrcpy` மூலம் பதிந்தேன். திரை அசையாதபோது அது பழைய பிரேமை நொடிக்குப் பத்து முறை அளவில் மீண்டும் அனுப்புகிறது. நேரக் குறிப்புகள் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் அதுவும் மாறும் வீதம்தான். பிரவுசருக்குள்ளேயே திரையைப் பதியும் வலைத்தளங்கள் தரும் வெப்எம் கோப்பு இவை எல்லாவற்றையும்விட வம்பு. அதில் நேரம் மில்லிநொடியில் எழுதப்படுவதால், சில மென்பொருள்கள் அதை நொடிக்கு 1000 பிரேம் என்று தவறாகப் படிக்கின்றன. கவனிக்காமல் எம்பி4 ஆக மாற்றினால் தேவையில்லாமல் பல்லாயிரம் பிரேம்களைப் பெருக்கிவிடும்.

இந்த வரிசையில் தனித்து நின்றது ஓபிஎஸ் ஸ்டுடியோ. அது திரை மாறுவதற்காகக் காத்திருப்பதில்லை. தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, 30 என்று அமைத்தால் நொடிக்கு 30 முறை திரையைப் பார்த்து, மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும் ஒரு பிரேமை எழுதிவிடுகிறது. `scrcpy` ஜன்னலை லேப்டாப்பில் திறந்து, அந்த ஜன்னலை ஓபிஎஸ்ஸில் பதிந்தபோது கோப்பு `Constant` என்று வந்தது. ஐந்து நிமிடச் சோதனையில் எந்த 'டக்'கும் ஒரு பிரேமுக்கு மேல் விலகவில்லை. லேப்டாப்புக்கு வலு போதாவிட்டால் அதுவும் திணறும். அப்போது முந்தைய பிரேமையே மீண்டும் எழுதி இடத்தை நிரப்பும். அதனால் அசைவு விட்டுவிட்டுத் தெரியும், குரல் விலகாது. `View` மெனுவில் `Stats` திறந்து, `Frames missed due to rendering lag`, `Skipped frames due to encoding lag` என்ற இரண்டு வரிகளில் எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் உட்கார்ந்து பதிகிறவர்களுக்கு என் பரிந்துரை ஓபிஎஸ்தான், தயக்கமே இல்லை. ஆனால் டீச்சரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அதிகாலை ஐந்தரைக்கு, தெரு அடங்கியிருக்கும்போது, மாடியில் ஒற்றை டேப்லெட்டோடு உட்கார்ந்து பதிகிறவர் அவர். லேப்டாப், கம்பி, இரண்டு மென்பொருள் என்று சுமையை ஏற்றினால் பாடம் நின்றுவிடும். அவர் எப்போதும்போல் பதியட்டும், கோப்பு என் கைக்கு வந்த பிறகு நான் மாற்றிக்கொள்கிறேன் என்று முடிவுசெய்தேன்.

மாற்றுவது என்றால், விடுபட்ட இடங்களில் பிரேம்களை உண்மையாகவே உருவாக்கி நிரப்புவது. கோப்பின் பெயரையோ வடிவத்தையோ மாற்றினால் போதாது. வீடியோவை முழுக்க மீண்டும் என்கோட் செய்ய வேண்டும்.

```
ffmpeg -i paadam.mp4 -fps_mode cfr -r 30 -c:v libx264 -crf 18 -c:a copy paadam_30.mp4
```

`-fps_mode cfr` என்பதுதான் இதன் உயிர். நேர அட்டவணையைப் படித்து, நொடியின் ஒவ்வொரு முப்பதில் ஒரு பங்குக்கும் எந்தப் பிரேம் திரையில் இருந்திருக்க வேண்டுமோ அதை எழுதச் சொல்கிறது. இந்தப் பெயர் 2022-இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் `-vsync cfr` என்று எழுத வேண்டும். `-crf 18` படத்தின் தெளிவைக் காப்பாற்றுகிறது, மெல்லிய பென்சில் கோடுகூட மங்கவில்லை. `-c:a copy` குரலைத் தொடாமல் அப்படியே நகலெடுக்கிறது. குரலில் பிழை எதுவும் இல்லையே, அதை ஏன் தொட வேண்டும்?

ஓடும்போது கீழே வரும் வரியை நான் விடாமல் பார்த்தேன். முடிவில் `frame=64800`, `dup=15163`, `drop=43` என்று நின்றது. 36 நிமிடம் என்றால் 2160 நொடி. நொடிக்கு 30 வீதம் 64,800 பிரேம், அதுவே வந்திருக்கிறது. மூலக்கோப்பில் இருந்தது 49,680. இடைவெளியில் 15,163 பிரேம் நிரப்பப்பட்டது, நெருக்கமாக வந்த 43 கழிக்கப்பட்டது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடியும் கோப்பின் எடை பெரிதாக ஏறவில்லை, முந்தைய பிரேமின் நகல் என்பதை எழுதிவைக்கக் கொஞ்சம் இடம் போதும். என் பழைய லேப்டாப்பில் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆனது.

கட்டளை தட்டச்சு செய்ய விரும்பாதவர்களுக்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குழி உண்டு. அதன் வழக்கமான அமைப்புகளில் `Peak Framerate` என்பதுதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். அதற்கு அர்த்தம், 30-க்கு மேல் போகாதே என்பது மட்டுமே. குறைவாக இருந்தால் அப்படியே விட்டுவிடும். உள்ளே மாறும் வீதம் போனால் வெளியே மாறும் வீதமே வரும். மாற்றிவிட்டோம் என்று நினைத்து, அதே விலகலை மறுபடி பார்த்துத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். `Video` பக்கத்தில் `Framerate (FPS)` என்பதில் 30 வைத்து, அதன் கீழே `Constant Framerate` என்பதை நாமே தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடிட்டிங் மென்பொருள்களும் இப்போது விழித்துக்கொண்டுவிட்டன என்று சொல்ல வேண்டும். ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் மாறும் வீதக் கோப்பை உள்ளே இழுத்ததும் எச்சரித்து, தொகுப்பதற்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா என்று கேட்கின்றன. அங்கே 'சரி' சொல்லிவிடுவதே நல்லது. அடோபி பிரீமியர் 2018-லிருந்து மாறும் வீதத்தைப் புரிந்துகொண்டு குரலோடு ஒட்டவைக்கும் வசதியைத் தருகிறது. சிறு வேலைக்கு அது போதும். அரை மணியைத் தாண்டும் பாடத்துக்கு, முதலில் மாற்றிவிட்டு உள்ளே கொண்டுபோவதையே நான் நம்புகிறேன். ஜூம் வகுப்புகளைப் பதிகிறவர்கள் கம்ப்யூட்டரில் `Recording` அமைப்புக்குள் போனால் `Optimize for 3rd party video editor` என்று ஒரு கட்டம் இருக்கும். அது இருப்பதற்குக் காரணமே இந்தச் சிக்கல்தான்.

30-ஆ 60-ஆ என்று டீச்சரின் மகன் கேட்டான். கையெழுத்துப் பாடத்துக்கு 30 தாராளம். விளையாட்டையோ, வேகமாக உருட்டும் பக்கங்களையோ பதிந்திருந்து, மீடியாஇன்ஃபோவில் மேல்வரம்பு 60-ஐ ஒட்டி இருந்தால் 60-ஆக மாற்றலாம். எதைத் தேர்ந்தாலும் டைம்லைனையும் அதே எண்ணில் அமைக்க வேண்டும்.

இதே சிக்கல் டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் தலைகாட்டும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில், திரைப்பதிவு ஒன்றை ஆங்கிலத்தில் செய்து, அதே படத்தின் மேல் தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல் ஏற்றுகிறார்கள். எந்த நொடியில் எந்த வாக்கியம் என்று நேரம் குறித்த பிரதியை வைத்துத்தான் அந்த வேலை நடக்கிறது. நேரம் என்பது அங்கே ஒப்பந்தம்போல. நம் வேலையிலும், மூலக்கோப்பைப் பிளேயரில் பார்த்து எழுதிய சப்டைட்டில், சரியாக மாற்றிய கோப்போடு அப்படியே பொருந்தும், ஏனென்றால் இரண்டிலும் நேரம் ஒன்றே. மாற்றாமல் டைம்லைனில் போட்டு, விலகிய படத்தைப் பார்த்து எழுதிய சப்டைட்டில் குரலோடு ஒருபோதும் பொருந்தாது.

தொடுகோட்டுப் பாடத்தை மாற்றிய கோப்பிலிருந்து மறுபடி தொகுத்தேன். இந்த முறை ஒவ்வொரு ஹாரனுக்குப் பின்னும் நிறுத்திப் பார்த்தேன். "இப்ப M-ஐ மையமா வெச்சு" என்று டீச்சர் சொல்லும்போது கவராயம் M-இல் இருந்தது. தொடுகோட்டின் நீளம் 7.4 செ.மீ. என்று அவர் வாய் சொல்வதும் பேனா எழுதுவதும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு பழைய பாடங்களுக்குப் போனோம். ஏற்கெனவே தொகுத்து முடித்த கோப்புகளில் ஒன்றும் செய்ய முடியாது. அவை மாறா வீதத்தில்தான் இருக்கின்றன, விலகலோடு சேர்த்தே உறைந்துபோய். எந்தப் பிரேம் எந்த நேரத்துக்கு உரியது என்ற அட்டவணை டேப்லெட் பதிந்த மூலக்கோப்பில் மட்டுமே உண்டு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும் அது மீண்டும் சுருக்கப்பட்டுவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால்தான் மூலம் அப்படியே வரும். டீச்சர் நாற்பது பாடம் பதிந்திருந்தார். இடம் போதவில்லை என்று பதினொன்றின் மூலத்தை அழித்துவிட்டார். மீதி இருபத்தொன்பதையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். தினம் இரவு நான்கு வீதம் லேப்டாப்பில் ஓடுகின்றன. அழிந்துபோன பதினொன்றில் ஆயத்தொலை வடிவியல் பாடங்கள் ஆறு. அவற்றை அடுத்த மாதம் மறுபடி பதிவதாகச் சொல்லியிருக்கிறார்.